பிரேயரில் ஜப்பான் மாணவர்களை வரவேற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஜப்பானின் ஃபுகுவோகாவிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு முறை எங்கள் பள்ளிக்கு மாணவர்கள் வந்தார்கள். முதல் முறை காலைக் கூட்டத்தில் வரவேற்பைச் சொதப்பினோம். இரண்டாம் முறை தேறிவிட்டோம். அதற்கப்புறம் வெளிநாட்டுப் பிள்ளைகள் வரவிருக்கும் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

டீச்சர், வரவேற்புக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கணும்?

ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் ஆறாம் வகுப்பு வரிசை கலைந்துவிடும். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வந்தவர்கள் 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். வரவேற்பு உரை, அதன் மொழிபெயர்ப்போடு சேர்த்து இரண்டரை நிமிடம். பெயர் சொல்லி அறிமுகம் செய்வதற்கு ஒருவருக்குச் சுமார் 12 நொடி, ஆக மூன்று நிமிடத்துக்குள். அவர்கள் தரப்பில் ஒருவர் பதில் பேச ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான்.

முதல் முறை தலைமையாசிரியர், செயலர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று வரிசையாக மூவர் பேசினார்கள். ஆகஸ்ட் மாத வெயில். பேச்சு முடிந்து பெயர் சொல்லும் நேரம் வந்தபோது முதல் மணி அடித்துவிட்டது. "நேரமின்மை காரணமாக" என்று சொல்லிப் பெயர்களை விட்டுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் பிள்ளைகள் அவர்களை "ஏய் ஜப்பான்" என்றுதான் கூப்பிட்டார்கள். வரவேற்பு உரையே இல்லாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, பெயர்களைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. நேரம் போதவில்லை என்றால் பேச்சை வெட்டுங்கள், பெயரை வெட்டாதீர்கள்.

தமிழில் பேசுவதா, ஆங்கிலத்தில் பேசுவதா? வந்தவர்களுக்குத் தமிழ் புரியாதே?

தமிழில் பேசுங்கள். மைதானத்தில் நிற்கிற எண்ணூறு பிள்ளைகளுக்கு வந்திருப்பவர்கள் யார் என்று தெரிய வேண்டும். அவர்களுக்கு அதுதான் அறிமுகம். விருந்தினர் தாங்கள் யார் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

ஆனால் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் மேடையில் நிற்பதும் சங்கடம். அதற்கு இரண்டு வழி வைத்துக்கொண்டோம். உரையின் ஆங்கில வடிவத்தை மூன்று நாளைக்கு முன்பே அவர்களுடைய ஆசிரியருக்கு அனுப்பிவிட்டோம். அவர் அதை ஜப்பானிய மொழியில் எழுதி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் கொடுத்து வைத்திருந்தார். இது போக, எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜப்பான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் தெரியும், நம் பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவுக்கு. மெதுவாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்காக ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு சொல் சொல்ல ஆசைப்பட்டால் "ஒஹாயோ கொஸாய்மஸ்" போதும். காலை வணக்கம் என்று பொருள். எண்ணூறு பேரும் சேர்ந்து அதைச் சொன்னபோது அவர்கள் வரிசையில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு.

எளிமையாகப் பேசுங்கள் என்கிறீர்கள். எங்கள் உரையே எளிமையாகத்தானே இருக்கிறது?

இருக்காது. நம் கையில் வரவேற்புரை என்று பேனாவைக் கொடுத்தால் அது தானாக மேடைத் தமிழுக்குப் போய்விடும். முதல் முறை நானே எழுதிய வாக்கியம் இது:

"உதயசூரியன் நாட்டிலிருந்து கடல் கடந்து, பண்பாட்டுப் பாலம் அமைக்க வருகை புரிந்திருக்கும் இளம் தூதுவர்களை, சங்கம் வளர்த்த மதுரை மண்ணின் சார்பில் இருகரம் கூப்பி வரவேற்பதில் பேருவகை கொள்கிறோம்."

எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் "உதயசூரியன்" என்றதும் எட்டாம் வகுப்பு வரிசையில் சலசலப்பு. தேர்தல் சின்னம்தான் அவர்கள் நினைவுக்கு வந்தது. மொழிபெயர்க்க நின்ற மாணவி "பாலம் அமைக்க" என்பதை அப்படியே சொல்ல, வந்திருந்த ஆசிரியர் தங்களைப் பொறியியல் குழு என்று தவறாக நினைத்துவிட்டார்களோ என்று பின்னால் என்னிடம் மெல்லக் கேட்டார். இத்தனை சொல்லியும் அவர்கள் எந்த நாடு, எத்தனை பேர், எத்தனை நாள் இருப்பார்கள் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இல்லை.

இரண்டாம் முறை அதே இடத்தில் இப்படிச் சொன்னோம்:

"இவர்கள் ஜப்பானிலிருந்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். வெள்ளிக்கிழமை வரை நம்மோடு இருப்பார்கள்."

ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. வாக்கியத்தின் முடிவில் வினைச்சொல் வருகிற நம் மொழியில் நீளமாகப் பேசினால் மொழிபெயர்ப்பவர் கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். அதற்குள் தொடக்கம் அவருக்கு மறந்துவிடும். ஆறேழு சொல்லில் வாக்கியம் முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். "இப்போ என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். அது தன் வாயால் திருப்பிச் சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" சொல்லாமல் எப்படி?

சொல்லுங்கள், ஆனால் பொருளோடு சொல்லுங்கள். புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் அடி அது, எல்லா வரவேற்பிலும் ஒலிக்கிறது. எங்கள் ஆறாம் வகுப்பில் "கேளிர் என்றால் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "கேளுங்கள்" என்றார்கள். எல்லோரும் கேளுங்கள்! பிரேயரில் பேசாமல் நிற்கச் சொல்கிறோம் என்று அதுவரை நினைத்திருக்கிறார்கள். கேளிர் என்றால் உறவினர் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. மொழிபெயர்ப்பவருக்கும் அந்த ஒரு வரிதான் பிடிமானம்.

பெயர்களை எப்படிச் சரியாகச் சொல்வது? பட்டியலைப் பார்த்தாலே நாக்கு சுளுக்குகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், பட்டியலை நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்தில்தான் பட்டியல் வரும். ஜப்பானிய மொழியில் நம்மைப் போலவே குறில் நெடில் உண்டு. ஆங்கில எழுத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு, ஒனொ என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. சின்ன வெளி என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதுவார்கள். ஓனொ என்று இன்னொன்று, அது பெரிய வெளி. இரண்டுமே பட்டியலில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். யுக்கி வேறு பெயர், யூக்கி வேறு பெயர். பட்டியலைப் பார்த்தால் எது என்று யாருக்கும் தெரியாது. காதால் கேட்டால் நமக்கு உடனே தெரியும். குறில் நெடிலில் வளர்ந்த காது அல்லவா.

எழுத்தில் இருந்தும் வாயில் வராத ஒலியும் உண்டு. பட்டியலைப் பார்த்தால் கெய்சுகே என்று படிக்கத் தோன்றும் பெயரை அந்தப் பையன் சொல்லும்போது கேஸ்கெ என்றுதான் கேட்கும்.

ஆகவே அவர்கள் வந்து இறங்கிய மாலையே ஒவ்வொருவரையும் தங்கள் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி என் போனில் பதிவு செய்துகொண்டேன். பத்து நிமிட வேலை. இரவு அதைக் கேட்டுத் தமிழில் எழுதினேன்.

தமிழில் எழுதும்போது நம் பக்கச் சிக்கல் தலைகாட்டும். க, ட, த, ப எல்லாம் சொல்லின் நடுவில் தனியாக நின்றால் நாம் மெலித்துத்தான் படிப்போம். "பகல்" என்பதில் வரும் க வேறு, "பக்கம்" என்பதில் வரும் க்க வேறு. ஜப்பானில் மிகப் பரவலான ஒரு குடும்பப் பெயர் மூன்று குறில்களால் ஆனது. த, ன, க என்று மூன்றையும் ஒரே அளவில் சொல்வார்கள், க வல்லினமாக ஒலிக்கும். அதை "தனகா" என்று எழுதிக்கொடுத்தால் மைக்கில் "தனஹா" என்று வரும். "தனாகா" என்று நடுவில் நீட்டுவோரும் உண்டு. "தனக்கா" என்று எழுதினால் "தனக்கா, பிறர்க்கா" என்று கேட்பது போல இருக்கும். கடைசியில் நான் "தனக்க" என்று எழுதிக்கொண்டேன். ஒற்றை லேசாகத் தொட்டுச் சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. ஜப்பானிய மொழியிலும் உண்மையான இரட்டிப்பு உண்டு, ஹத்தோரி மாதிரி. அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அடியில் சிவப்புக் கோடு போட்டேன். ஸ, ஜ, ஷ, ஹ எழுத்துகளைத் தயங்காமல் போடுங்கள். பெயர் அவர்களுடையது, தனித்தமிழ் பார்க்கும் இடம் இதில்லை.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் போய் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். தவறாக இருந்தாலும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிடுவார்கள், மரியாதைக்கு. அதனால் "சரியா?" என்று கேட்டுப் பயனில்லை. "இன்னொரு தடவை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் சொன்னதும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்கள் காதே சொல்லும்.

குடும்பப் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா? எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் மேற்கத்திய முறைப்படி மாற்றி எழுதுவார்கள். 2020 முதல் ஜப்பான் அரசு தன் ஆங்கில ஆவணங்களிலும் குடும்பப் பெயரையே முதலில் எழுதுகிறது. ஒரே குழுவில் இரண்டு விதமாகவும் பட்டியல் வரலாம். எது குடும்பப் பெயர் என்று அவர்களுடைய ஆசிரியரிடம் கேட்டு அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். அங்கே பழக்கமில்லாதவர்கள் குடும்பப் பெயரோடு "ஸன்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நெருங்கியவர்கள் சொந்தப் பெயர் சொல்வார்கள். எங்களிடம் வந்தவர்களில் ஒன்பது பேர் சொந்தப் பெயர் போதும் என்றார்கள், மூன்று பேர் குடும்பப் பெயர் கேட்டார்கள். அந்த "ஸன்" குறில்தான், நாம் எழுதுவது போல "சான்" இல்லை. அதைத் தன் பெயரோடு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் மாணவத் தலைவன் ஆர்வக் கோளாறில் "நான் கார்த்திக் ஸன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். நம் ஊரில் ஒருவர் "நான்தான் கார்த்திக் அவர்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

ஆசிரியர்களுக்குக் குடும்பப் பெயரோடு "ஸென்ஸே". அதற்கு மேல் சார், மேடம் எதையும் ஒட்டாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமெல்லாம் ஒரு நாள்தான். புதன்கிழமை மதியம் பார்த்தால் "யூக்கி அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஆறாம் வகுப்பு ஒன்று ஓடுகிறது.

ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன சொல்வது? ஆளுக்கு ஒரு பத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

பெயர், வகுப்பு, பிடித்த ஒரு விஷயம். மூன்றே. "இவர் யூக்கி. பத்தாம் வகுப்பு. இவருக்கு நீச்சல் பிடிக்கும்." அந்தப் பிடித்த விஷயம் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். நீச்சல், பூனை, மேளம் என்றால் அதை வைத்து ஒரு பிள்ளை போய்ப் பேச்சுக் கொடுக்கும். "உலக அமைதியில் ஆர்வம்" என்றால் யார் போய் என்ன பேசுவது?

வகுப்பைச் சொல்லும்போது கவனம். அங்கே தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு, நடுநிலைப் பள்ளி மூன்று, உயர்நிலை மூன்று. ஒவ்வொரு நிலையிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உயர்நிலை முதலாண்டு என்று பட்டியலில் இருந்தால் நம் கணக்கில் பத்தாம் வகுப்பு. நடுநிலை மூன்றாம் ஆண்டு என்றால் ஒன்பது. முதல் முறை இது தெரியாமல் பட்டியலில் இருந்த "முதலாண்டு" என்பதை அழைப்பிதழில் அப்படியே அச்சடித்துவிட்டோம். பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "நம்ம கிளாஸா!" என்று வாயைப் பிளந்தார்கள்.

சின்னப் பையனாக இருந்தாலும் மைக்கில் "இவர், படிக்கிறார்" என்றே சொல்லுங்கள். எடை, உயரம், நிறம், கண் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "பொம்மை மாதிரி இருக்கிறாள்" என்பதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்வார்கள். அதை மொழிபெயர்க்க நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

நாங்கள் பெயரைச் சொன்னோம், வேறொரு பையன் முன்னால் வந்தான். என்ன தவறு?

பட்டியல் ஆங்கில அகர வரிசையில் இருந்திருக்கும், அவர்கள் உயர வரிசையில் நின்றிருப்பார்கள். எங்களுக்கும் ஒத்திகையில் இதேதான் நடந்தது. வேறு யாரோ ஒருவருடைய பெயருக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு ஒரு பையன் காதெல்லாம் சிவந்து நின்றான்.

முந்தைய நாள் மாலை அவர்களை நிற்கச் சொல்லி, நின்ற வரிசையில் பட்டியலைத் திருப்பி எழுதுங்கள். இடப்பக்கம் முதல் ஆள் யார் என்று தாளில் குறியுங்கள். பெயர் கேட்டதும் ஓரடி முன்னால் வந்து, வணங்கி, பின்னால் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு முறை ஒத்திகை பார்த்தால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். ஆசிரியர்களை முதலில் அறிமுகம் செய்துவிட்டு மாணவர்களுக்கு வாருங்கள்.

மாலை, பொட்டு, பன்னீர் எல்லாம் உண்டா?

உண்டு, கேட்டுவிட்டு. மாலைக்குப் பதில் ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தோம். செலவும் குறைவு, கனமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற அவதியும் இல்லை. பூ ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்று அவர்களுடைய ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குங்குமம், சந்தனத்தை நேராக நெற்றிக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் மாணவி முதலில் தான் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை நீட்டட்டும். வேண்டும் என்பவர் குனிவார், வேண்டாம் என்பவர் சிரித்துக் கையாட்டுவார். பன்னீரை முகத்தில் தெளிக்கும் உற்சாகம் சில அத்தைகளுக்கு உண்டு. செம்பை வாங்கி வைத்துவிடுங்கள்.

கைகூப்பி வணக்கம் சொல்வதை மட்டும் கட்டாயம் வையுங்கள். ஜப்பானில் ஒருவரையொருவர் வணங்கக் குனிவார்கள், கை கூப்புவது கோயிலிலும் சாப்பிடுவதற்கு முன்னாலும்தான். நாம் மனிதர்களைப் பார்த்தே கைகூப்புகிறோம் என்பது அவர்களுக்குப் புதுசு. அதை மேடையில் ஒரு வரியில் சொன்னோம். அப்புறம் ஐந்து நாளும் வாட்ச்மேனில் இருந்து சத்துணவு அம்மா வரை பார்த்தவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டே போனார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, நாட்டுப்பண் நேரத்தில் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நம்மோடு அசையாமல் நின்றால் போதும். முன்னது 55 நொடி, பின்னது 52 நொடி என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் நிற்பது எளிது. உறுதிமொழிக்கு நாம் கையை நீட்டும்போது அவர்களும் பார்த்து நீட்டிவிடுவார்கள். "இந்தியா எனது நாடு" என்பது அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, கையை இறக்கி நிற்கலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். முதல் முறை ஒரு பெண் பாவம், பக்கத்தில் நின்றவளைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் பேசும்போது நம் பிள்ளைகள் சிரித்துவிட்டால்?

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் "வணக்கம்" என்பதை அவர்கள் "வனக்காமு" மாதிரி சொல்லும்போது சிரிப்பு வரும். ஜப்பானியச் சொல் ம் என்று முடியாது, அதனால் கடைசியில் ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாளே வகுப்பில் இதைச் சொல்லி, "ஒஹாயோ கொஸாய்மஸ்" என்பதை நம் பிள்ளைகளைச் சொல்லச் சொன்னோம். தாங்களும் தடுமாறியபின் மறுநாள் சிரிப்பு கைதட்டலாக மாறிவிட்டது.

அவர்கள் தன்னறிமுகத்தை "யொரொஷிக்கு ஒனெகாய்ஷிமஸ்" என்று முடிப்பார்கள். மொழிபெயர்க்கிறவர் இந்த இடத்தில் திகைப்பார், நேரான சொல் கிடையாது. "இனி என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது நெருங்கி வரும். எங்கள் மாணவி அப்படிச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் "பாத்துக்கிறோம்!" என்று கத்தினான். அவனைத் திட்டவில்லை.

முழு உரையையும் கொடுத்தால் அப்படியே எடுத்துக்கொள்வோமே?

எடுத்துக்கொள்ளுங்கள். ஊரையும் எண்ணிக்கையையும் மாற்றிவிடுங்கள்.

"எல்லோருக்கும் வணக்கம். இன்று நம் பள்ளிக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். இவர்கள் ஜப்பானிலிருந்து வந்திருக்கிறார்கள். இவர்கள் ஊர் ஃபுகுவோகா. அது கடற்கரை ஊர். இப்போது இங்கே காலை ஒன்பது மணி. அவர்கள் ஊரில் மதியம் பன்னிரண்டரை. அங்கே இது சாப்பாட்டு நேரம்.

பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். வெள்ளிக்கிழமை வரை நம்மோடு இருப்பார்கள். உங்கள் வகுப்பில், உங்கள் பக்கத்தில் உட்காருவார்கள். இவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். நமக்கும் கொஞ்சம்தான் தெரியும். அதனால் மெதுவாகப் பேசுங்கள். கையைக் காட்டிப் பேசுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

இப்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்கிறேன். நான் சொன்னதும் நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள்."

அந்த மணி கணக்கு வரிக்குத்தான் மைதானமே திரும்பிப் பார்த்தது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. எண்ணூறு பேர் பெயரைத் திருப்பிச் சொல்வதால் நேரம் கொஞ்சம் கூடும்தான். மேலே சொன்ன 12 நொடியில் அதுவும் அடக்கம்.

ஜப்பான் இல்லை, எங்களுக்கு ஜெர்மனியிலிருந்து வருகிறார்கள்.

பெயர் வரிசை மாறும், சொந்தப் பெயர்தான் முதலில். கொரியா என்றால் மறுபடி குடும்பப் பெயர் முதலில், ஒரே குழுவில் நாலைந்து கிம்கூட இருக்கலாம். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் மொழிபெயர்ப்பே வேண்டாம், ஆனால் அவர்கள் பேசும் தமிழைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனில் பெயரைப் பதிவு செய்வது மட்டும் எந்த நாட்டுக்கும் பொது.

நடுவில் கரண்ட் போய்விட்டால்?

போகும். எங்களுக்கு ஏழாவது பெயரில் போனது. முந்தைய நாள் அந்தப் பன்னிரண்டு பெயரையும் தமிழில் பெரிதாக எழுதித் தண்ணீர்க் குழாய்ப் பக்கமுள்ள கரும்பலகையில் வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாம் படித்துப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக் நின்றதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டாவது பெயரைத் தேடுவதற்குள் முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே "தனக்க ஸன்!" என்று கூவிவிட்டார்கள். அந்தப் பையன் ஓரடி முன்னால் வந்து வணங்கினான்.